வரவு 81 வீதம் என்று எழுதிய மாதம்: தீவக இணைய வகுப்பொன்றின் பதிவேட்டிலிருந்து

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காகக் காத்திருந்த ஒரு மாலையில்தான் அந்த அறிக்கையை என் போனில் தட்டச்சு செய்து அனுப்பினேன். தீவகத்தின் தரம் 11 மாணவர்களுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திய இணையவழிக் கணித வகுப்புக்கு வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் பணம் தந்தார்கள். மாதம் ஒருமுறை அவர்களுக்கு ஒரு கணக்கு அனுப்ப வேண்டும். ஒக்டோபர் மாதத்துச் சராசரி வரவு 81 வீதம் என்று எழுதினேன். ஓகஸ்ட்டில் அது 69 வீதம். நண்பர்கள் மகிழ்ந்தார்கள், எனக்கும் மகிழ்ச்சிதான்.

அந்த 81 வீதம் உண்மையான கணக்கு. அதே மாதத்தில் எங்கள் வகுப்பு கரைந்துகொண்டிருந்ததும் உண்மை. ஓகஸ்ட்டில் பட்டியலில் 35 பேர் இருந்தார்கள், ஒரு வகுப்புக்குச் சராசரியாக 24 பேர் வந்தார்கள். செப்டெம்பரில் வட்ஸ்அப் குழுவைத் "துப்புரவு" செய்தபோது, நீண்ட நாட்களாக வராத 8 பேரை எடுத்துவிட்டோம். ஒக்டோபரில் பட்டியலில் 27 பேர், வந்தவர்கள் 22 பேர். வந்தவர்களின் எண்ணிக்கை இரண்டால் குறைந்தது. வீதம் பன்னிரண்டால் கூடியது. வகுத்த எண்ணை மாற்றிவிட்டு முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறோம். யாரும் ஏமாற்றவில்லை, பதிவேடே அப்படி ஏமாற்றியது. பரீட்சைக்குப் போகும் நேரத்தில் எங்களிடம் 19 பேர் மிஞ்சினார்கள்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வேறு வழியில்லாமல் தொடங்கிய இணைய வகுப்பு, தீவகத்தைப் போன்ற இடங்களில் இன்றும் தொடர்கிறது. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பிக்க ஆசிரியர் கிடைக்காத இடத்துக்குப் படகு ஏறாமல் பாடம் போகிறது என்பது சிறிய விடயமல்ல. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர்கள், தனி மனிதர்கள் எனப் பலர் இப்படி வகுப்பு நடத்துகிறார்கள். எல்லாரிடமும் ஒரு வரவுப் பட்டியல் இருக்கிறது. பெரும்பாலும் அது மாத முடிவில் கூட்டிப் பார்க்கப்படுகிறது. ஒரு பிள்ளை விலகிப் போவது மாத முடிவில் தெரியவருமானால், அந்தப் பிள்ளை ஏற்கனவே போய்விட்டது.

அடுத்த அணியை 2024 ஜூனில் தொடங்கினோம். அவர்களுக்கான சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச்சில் வரவிருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறைப் பக்கம் என மூன்று இடங்களிலிருந்து 38 பேர் பதிந்தார்கள். செவ்வாய், வியாழன், சனி மாலை ஏழு மணிக்கு வகுப்பு. இந்த முறை வரவுப் பதிவேட்டை வேறுமாதிரி வாசிப்பது என்று முடிவெடுத்தோம்.

முதல் சிக்கல் மிகச் சாதாரணமானது. யார் வந்தது என்றே தெரியாது. கட்டணம் செலுத்திய சூம் கணக்கில், வகுப்பு முடிந்தபின் யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார், எத்தனை நிமிடம் இருந்தார் என்ற அறிக்கையை எடுக்கலாம். ஆனால் அதில் வரும் பெயர்கள் பிள்ளைகளின் பெயர்கள் அல்ல. போனின் மாதிரிப் பெயர் இருக்கும். அம்மாவின் பெயர் இருக்கும். வெளிநாட்டிலிருந்து போன் அனுப்பிய மாமாவின் பெயர்கூட இருந்தது. சிக்னல் அறுந்து மீண்டும் நுழைந்தால் அதே பிள்ளை இரண்டு, மூன்று வரிகளாக வரும். ஒரு நாள் 46 வரிகள் வந்தன. எங்களிடம் இருந்ததோ 38 பேர். அக்காவும் தங்கையும் ஒரே போனில் இருந்தால் இரண்டு பிள்ளைகள் ஒரு வரியாகிவிடுவார்கள்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்தோம். நெடுந்தீவுக்கு நெ, நயினாதீவுக்கு ந, ஊர்காவற்றுறைக்கு ஊ. நுழையும்போது பெயருக்குப் பதிலாக "நெ-04" என்று இட வேண்டும். ஒரே போனில் இருவர் என்றால் "ஊ-02, ஊ-03". இதைப் பழக்க இரண்டு கிழமை சென்றது. பின்னர் ஓர் இலக்கத்துக்குரிய வரிகளின் நிமிடங்களைக் கூட்டினால் போதும். அதிலும் ஒரு கவனம் வேண்டும். பழைய இணைப்பு அறுபடாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை புதிதாக நுழைந்தால் இரண்டு வரிகளின் நேரமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் 60 நிமிட வகுப்பில் ஒரு பிள்ளை 85 நிமிடம் இருந்ததாக வரும். அப்படி வந்தால் நிமிடங்களைக் கூட்டாமல் முதல் நுழைவையும் கடைசி வெளியேற்றத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நாங்கள் நான்கு குறிகளை மட்டுமே வைத்தோம். முழுதும் இருந்தால் வ. பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் பி. பாதியில் போனால் அ. வரவே இல்லையென்றால் இ. ஒரு வகுப்புக்கு இதைக் குறிக்கப் பத்து நிமிடம் போதும். அதைவிடக் கூடிய விபரம் வைத்திருந்தால் நாங்கள் மூன்றாம் கிழமையே கைவிட்டிருப்போம்.

அடுத்தது எந்தப் பக்கமாக வாசிப்பது என்ற கேள்வி. பாடசாலையில் பதிவேட்டைப் பிள்ளையின் பெயரிலிருந்து குறுக்காகத்தான் வாசிப்போம். தீவகத்து இணைய வகுப்புக்கு அது சரிவரவில்லை. முதலில் மேலிருந்து கீழாக, அதாவது ஒரு நாளை எடுத்து, தீவு தீவாக வாசிக்க வேண்டும்.

ஏனென்றால் இங்கே ஒரு பிள்ளை வராமல் விடுவதற்கும் ஒரு தீவு வராமல் விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின்வலையமைப்போடு இணைக்கப்படாதவை. டீசல் மின்பிறப்பாக்கியில்தான் அவற்றின் வெளிச்சம் தங்கியிருக்கிறது. சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின் திட்டத்துக்கு, முதலில் சீன நிறுவனமொன்றுக்குப் போன ஒப்பந்தம் நின்றுபோய், 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது பலருக்கும் ஞாபகம் இருக்கும். பத்திரிகைகளில் அது இரண்டு நாடுகளின் போட்டியாக வந்தது. எங்கள் பதிவேட்டில் அது செவ்வாய் மாலை ஏழே கால் மணிக்கு ஒரே நேரத்தில் வெளியேறிய பதினொரு நெடுந்தீவுப் பிள்ளைகளாக வந்தது.

நாகபூஷணி அம்மன் திருவிழா நாட்களில் நயினாதீவுப் பகுதி வெறுமையாக இருந்தது. 2024 நவம்பர் கடைசியில் புயலும் வெள்ளமும் வந்து உயர்தரப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்ட கிழமையில் மூன்று இடமும் வெறுமை. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு நெடுந்தீவிலிருந்து குடும்பமாகப் போவார்கள். இவை எதுவும் இடைவிலகல் அல்ல. ஒரு தீவின் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் இல்லையென்றால், அந்த நாளை அந்தத் தீவுக்கு நாங்கள் வட்டமிட்டோம். வட்டமிட்ட நாளில் விழுந்த "இ" எந்தப் பிள்ளையின் கணக்கிலும் சேராது. பாடத்தை மட்டும் மீண்டும் எடுக்க வேண்டும்.

வட்டங்களைப் போட்ட பிறகுதான் குறுக்காக வாசிப்பது. கீழே இருக்கும் மூன்று வரிசைகளும் பல பிள்ளைகளுடையவற்றைக் கலந்து நான் எழுதியவை. ஒரு பிள்ளையையும் அடையாளம் காட்டக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தேன். மூன்று கிழமை, ஒன்பது வகுப்புகள்.

```
        1   2   3   4   5   6   7   8   9
நெ-04   வ   வ   இ   இ   வ   வ   இ   வ   வ
ஊ-09    வ   இ   வ   வ   இ   வ   வ   இ   வ
ந-11    வ   வ   வ   வ   பி  வ   பி  அ   இ
```

மாத முடிவில் கூட்டினால் நெ-04 க்கும் ஊ-09 க்கும் 67 வீதம். ந-11 க்கு 89 வீதம். பழைய முறைப்படி முதல் இரண்டு பேரையும் பற்றிக் கவலைப்பட்டு, ந-11 ஐ நல்ல பிள்ளை என்று விட்டிருப்போம்.

நெ-04 வராத மூன்று நாட்களும் நெடுந்தீவுக்கு வட்டமிட்ட நாட்கள். அந்தப் பிள்ளை வரக்கூடிய எல்லா நாளும் வந்திருக்கிறது. ஊ-09 வராதது இரண்டாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகள், அதாவது ஒவ்வொரு வியாழனும். எடுத்துக் கேட்டால், வியாழன் மாலை அண்ணனுக்கும் வகுப்பு, வீட்டில் ஒரே ஒரு போன். இது ஒழுங்கான வராமை. ஒழுங்காக வராமல் விடும் பிள்ளை ஒழுங்காக வரவும் செய்யும். வியாழன் பாடத்தின் ஒலிப்பதிவையும் கரும்பலகைப் படங்களையும் வெள்ளிக்கிழமை அனுப்பினால் போதும்.

ந-11 தான் போய்க்கொண்டிருந்த பிள்ளை. வீதத்தைப் பார்த்தால் தெரியாது, வலது பக்கக் கரையைப் பார்த்தால் தெரியும். முதல் நான்கு வகுப்பும் நேரத்துக்கு வந்தவன் ஐந்தாவதில் பிந்துகிறான், ஏழாவதில் மீண்டும் பிந்துகிறான், எட்டாவதில் பாதியில் போகிறான், ஒன்பதாவதில் இல்லை. அதே நாட்களில் நயினாதீவின் மற்றப் பிள்ளைகள் வழமைபோல வந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையின் முன்னைய கிழமையோடு ஒப்பிட்டால்தான் இது கண்ணில் படும்.

வீதத்தை நம்பினால் எவ்வளவு பிந்தும் என்பதை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்பது வீதத்துக்குக் கீழே போனால் தொடர்பு கொள்வது என்று ஒரு விதி வைத்திருக்கிறோம் என்போம். பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை முதல் 20 வகுப்புக்கும் வந்துவிட்டு நின்றுவிட்டால், ஐந்து வகுப்பு வராமல் விட்ட பிறகும் 25 க்கு 20, சரியாக 80 வீதம். ஆறாவது வகுப்பையும் விட்டால்தான் எங்களுக்குத் தெரியும். அதற்குள் இரண்டு கிழமை போய்விடும். 30 வகுப்புக்கும் வந்த பிள்ளை என்றால் எட்டு வகுப்பு விட வேண்டும். எவ்வளவு ஒழுங்காக வந்த பிள்ளையோ அவ்வளவு பிந்தித்தான் எங்களுக்குச் செய்தி வரும்.

இந்த எண்பது வீதம் காற்றில் வந்த எண் அல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, ரொபர்ட் பல்பான்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், வரவு எண்பது வீதத்துக்குக் குறைவது, கணிதத்தில் சித்தியடையாதது, மொழிப்பாடத்தில் சித்தியடையாதது, நடத்தைக் குறைபாடு ஆகிய அடையாளங்களில் ஒன்று இருந்தாலே அந்தப் பிள்ளை உரிய காலத்தில் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கண்டார்கள். அது ஒரு முழு ஆண்டின் வரவை வைத்து, ஆறு ஏழு ஆண்டுகளுக்குப் பின்னால் நடக்கப்போவதைச் சொல்வது. ஒன்பது மாத வகுப்பில், கிழமைக்கு மூன்று நாள், அடுத்த செவ்வாய் யார் வரமாட்டார் என்று தெரிய வேண்டிய எங்களுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

வேறொரு ஆய்வு எங்களுக்கு நேரடியாக உதவியது. ஹார்வர்ட், எம்.ஐ.ரி. பல்கலைக்கழகங்கள் 2012–13 இல் நடத்திய முதல் 17 திறந்த இணையப் பாடநெறிகளுக்கு 841,687 பதிவுகள் வந்தன. சான்றிதழ் பெற்றவை 43,196. இந்தச் செய்தியைச் சொல்லி "இணையக் கல்வி தோல்வி" என்று எழுதியவர்கள் பலர். ஆனால் அந்த அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. பதிந்தவர்களில் 292,852 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள், பாடத்தை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. இவர்கள் இடையில் விலகியவர்கள் அல்ல, தொடங்கவே இல்லை. எங்கள் முதல் அணியிலும் 41 பேர் பதிந்து 6 பேர் ஒரு நாளும் வரவில்லை. தொடங்காத பிள்ளைக்குப் பெரும்பாலும் தடை போன், சிக்னல், அல்லது பெற்றோருக்குத் தெரியாமல் பாடசாலையில் யாரோ பெயர் கொடுத்தது. விலகும் பிள்ளைக்குக் காரணம் வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால் இரண்டு பேருக்கும் உதவ முடியாது. இந்த முறை முதல் கிழமையிலேயே தொடங்காதவர்களைத் தனியாக எடுத்து, வீட்டுக்கே ஆள் அனுப்பி முடித்துவிட்டோம்.

வரவுக்கு முன்னாலேயே மங்கத் தொடங்குவது எது என்று பார்த்தோம். முதல் அணியில் விலகியவர்களின் பழைய வட்ஸ்அப் உரையாடல்களைப் பின்னோக்கி உருட்டிப் பார்த்தேன். ஒரு மாலை முழுதும் சென்றது, மனமும் சோர்ந்தது. பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதலில் வீட்டுவேலையைப் படம் எடுத்து அனுப்புவது நிற்கும். பிறகு வகுப்பில் கேட்கும் கேள்விக்குப் பதில் வராது. பிறகு பிந்துவது. பிறகு இடையில் போவது. வராமல் விடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. வீட்டுவேலை நின்றதற்கும் கடைசியாக வந்த நாளுக்கும் இடையில் பொதுவாக இரண்டு மூன்று கிழமை இருந்தது. அந்த இரண்டு மூன்று கிழமைதான் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய நேரம். அதை நாங்கள் வரவுப் பட்டியலில் தேடியிருக்கிறோம், அதுவோ வீட்டுவேலைப் பட்டியலில் கிடந்திருக்கிறது.

சில பிள்ளைகள் வீட்டுவேலை அனுப்புவதை நிறுத்தியது டேட்டா முடிந்ததால் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாரும் கமராவை மூடி, ஆசிரியரின் குரலும் எழுதும் திரையும் மட்டும் போனால் ஒரு மணித்தியால வகுப்புக்கு எழுபது மெகாபைட் அளவில் முடிக்கலாம். கமராக்களைத் திறந்தால் அது பல மடங்கு. நாங்கள் முதல் ஆண்டு "முகத்தைக் காட்டுங்கோ" என்று வற்புறுத்தியிருந்தோம். ஒழுக்கத்துக்காக என்று நினைத்தோம். தாய் போட்ட ரீலோட்டை நாங்களே கரைத்திருக்கிறோம்.

இப்போது விதி. இரண்டு அடையாளங்களில் ஒன்று வந்தால் அன்றிரவே அல்லது அடுத்த நாள் அழைப்பது: வட்டமிடாத நாட்களில் தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராமை, அல்லது இரண்டு கிழமை வீட்டுவேலை வராமையோடு ஒரு "பி" அல்லது "அ". இதற்கு முதல் வேறு விதி வைத்துப் பார்த்தோம். ஒன்பதில் மூன்று நாள் வராவிட்டால் அழைப்பது என்றபோது ஒரே கிழமையில் 19 பேரின் இலக்கம் வந்தது. மாலை வேலை முடிந்து வரும் இரண்டு தொண்டர்கள் ஒரு கிழமையில் ஐந்தாறு குடும்பங்களோடு ஒழுங்காகப் பேசலாம், அதற்கு மேல் முடியாது. 19 பேரின் பட்டியல் கையில் இருந்தால் ஒருவரையும் அழைக்காமல் விடுவதுதான் நடக்கும், நடந்தது. அதனால் விதியை இறுக்கி, கிழமைக்கு ஐந்து ஆறு இலக்கம் வரும்வரை கொண்டுவந்தோம். இதனால் ஒன்றிரண்டு பிள்ளைகளைத் தவறவிடுவோம் என்று தெரிந்தே செய்தோம்.

அழைப்பதிலும் பழக வேண்டியிருந்தது. "ஏன் நேற்று வரேல்லை?" என்று தொடங்கினால் பதில் ஒன்றுதான்: "காய்ச்சல் சேர்." அதனால் தாயோடு முதலில் பேசி, பிறகு பிள்ளையிடம் பாடத்தைப் பற்றிக் கேட்பது என்று மாற்றினோம். ந-11 போன்ற ஒரு பிள்ளையின் தாய் சொன்னது இது: "அவன் போனை வைச்சுக்கொண்டு அறைக்குள்ளதான் இருக்கிறான் சேர். நான் படிக்கிறான் எண்டுதான் நினைச்சனான்." பிள்ளை போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். வகுப்பில் எந்தக் கணக்கு வரை விளங்கியது என்று கேட்டேன். "காரணி தொடங்கினாப்பிறகு ஒண்டும் விளங்கேல்லை சேர். மற்றவை டக்கெண்டு விடை சொல்லுகினம்."

இருபடிக் கோவையின் காரணிகள் எடுத்த கிழமையை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது வகுப்பு. அவன் முதன்முதலாகப் பிந்திய நாள். அதற்குப் பிறகு எங்கள் பட்டியலின் தலைப்பில் திகதியோடு பாடத்தின் பெயரையும் எழுதத் தொடங்கினோம். காரணிகள், மடக்கை, வட்டத் தேற்றங்கள் ஆகிய மூன்று இடத்திலும் மற்ற இடங்களைவிடக் கூடுதலான "பி" யும் "அ" வும் இருந்தன. அதாவது பிள்ளைகள் விலகுவதற்கான காரணத்தின் ஒரு பகுதி எங்கள் கற்பித்தலில் இருந்தது. படகையும் மின்சாரத்தையும் வறுமையையும் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்கு அதை ஏற்றுக்கொள்வது இலேசாக இருக்கவில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு முன் அரை மணித்தியாலம், பிந்தியவர்களுக்கு மட்டும், ஐந்து பேருக்கு மேற்படாத ஒரு வகுப்பு வைத்தோம். அங்கே யாரும் டக்கென்று விடை சொல்வதில்லை.

எல்லாக் காரணத்தையும் பாடத்தால் தீர்க்க முடியாது. தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு மாலை ஏழு மணி வகுப்பு நித்திரை நேரம். கடலட்டைப் பண்ணையில் காவலுக்குப் போய்ப் பணம் கண்ட பிள்ளைக்கு மார்ச் மாதப் பரீட்சை மிகத் தூரம். ஒரு பெண்பிள்ளையின் வரிசையில் இரண்டு கிழமை முழுதும் "இ" விழுந்து, பின்னர் அவள் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் இருந்து மீண்டும் நுழைந்தாள். காரணத்தை நாங்கள் கேட்கவில்லை, தாய் சொல்லவும் விரும்பவில்லை. பதிவேடு சொல்வது "இப்போது பேசு" என்பதை மட்டும். என்ன பேசுவது என்பது அதில் இல்லை.

எதிர்ப்பக்கமான தவறும் உண்டு. ஒரு பிள்ளை 27 வகுப்புக்கு 27 வ வாங்கியிருந்தது. போன் வகுப்பில் இருந்தது, பிள்ளை தேநீர்க் கடையில் தகப்பனுக்கு உதவிக்கொண்டிருந்தது. வகுப்பின் நடுவில், நேரம் சொல்லாமல், ஒரு சின்னக் கேள்வியைக் கேட்டு விடையை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதால்தான் அதைப் பிடித்தோம். விடை பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, ஆள் இருந்தால் போதும்.

இன்னொன்றை எங்கள் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஆனால் வெளியிலிருந்து வகுப்பு நடத்துபவர்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தாய் என்னைக் கேட்டார்: "உந்தப் பதிவு ஆருக்குப் போகுது தம்பி?" வீட்டில் எத்தனை பேர், யார் வெளிநாட்டில், தகப்பன் எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டு போன கைகள் எங்கள் ஊர்களில் பல. காணாமல் போன ஒருவரின் பெயர் இருக்கும் வீட்டில் பட்டியல் என்ற சொல்லுக்கு வேறு பொருள். நண்பர் ஒருவர் பிள்ளைகளின் குடும்ப விபரத்தையும் ஒரே அட்டவணையில் சேர்த்தால் யார் விலகுவார் என்று முன்கூட்டியே கணிக்கலாம் என்று யோசனை சொன்னார். கணிப்பு கூடலாம். நாங்கள் செய்யவில்லை. அட்டவணையில் இலக்கமும் நான்கு குறிகளும் மட்டும். இலக்கம் எந்தப் பிள்ளையுடையது என்ற தாள் ஒருவரிடம் மட்டும், கையெழுத்தில். தொலைபேசியில் கேட்ட காரணத்தை எங்கேயும் எழுதுவதில்லை. வெளிநாட்டு நண்பர்களுக்குப் போகும் அறிக்கையில் இப்போது சராசரி வீதம் இல்லை. பதிந்தவர், தொடங்கியவர், இந்தக் கிழமை வந்தவர் என்ற மூன்று எண்கள் மட்டும். பதிந்தவரின் எண் கடைசிவரை 38 தான், யாரையும் குழுவிலிருந்து எடுப்பதில்லை.

இந்த அணியில் பரீட்சை வரை நின்றவர்கள் முன்னைய அணியைவிடக் கூடுதல். அழைப்புகளால்தான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007 இல் கொண்டுவந்த, மாணவருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குக் காட்டும் முறைக்கு நடந்தது நினைவுக்கு வருகிறது. அந்த முறையுள்ள பாடங்களைக் கூடுதலாக எடுத்தவர்கள் கூடுதலாக நிலைத்தார்கள் என்றார்கள். 2013 இல் சிலர் திருப்பிக் கேட்டார்கள்: நீண்ட காலம் நிலைத்தவர்கள்தானே கூடுதல் பாடங்களை எடுத்திருப்பார்கள்? எங்களுக்கும் அதே சிக்கல். அழைப்பை எடுத்துப் பேசிய குடும்பங்கள், அழைக்காவிட்டாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருக்கக்கூடியவையாக இருக்கலாம். இரண்டு அணிக்கும் இடையில் கமராவை மூடினோம், சனிக்கிழமை வகுப்பு வைத்தோம். எது எவ்வளவு உதவியது என்று இவ்வளவு சிறிய வகுப்பில் பிரித்தெடுக்க முடியாது.

இப்போது மூன்றாவது அணி நடக்கிறது. போன வியாழன் நயினாதீவுக்கு வட்டம் இல்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு கிழமையாக வீட்டுவேலை வரவில்லை, செவ்வாய் "பி", வியாழன் "அ". போன் எடுத்தால் வேலை செய்யவில்லை. தாய் சனிக்கிழமை காலைப் படகில் யாழ்ப்பாணம் வருவார் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது. எட்டு மணிக்கு முன் நான் குறிகட்டுவானில் நிற்க வேண்டும்.